ஒருவர் கத்துகிறார், மற்றவர் வாயை மூடிக்கொள்கிறார்: சண்டையை நிறுத்திவைத்துத் திரும்பி வந்து பேசுவதற்கான முழுமையான வழிகாட்டி

ஒருவர் குரலை உயர்த்துகிறார். மற்றவர் பேச்சைக் குறைக்கிறார். பதில் வரவில்லையே என்று முதலாமவர் இன்னும் சத்தமாகக் கேட்கிறார். சத்தம் கூடியதால் இரண்டாமவர் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். இந்தச் சுற்று ஓடும் வீடுகளுக்காக எழுதப்பட்ட வழிகாட்டி இது.

இதற்குச் சொல்லப்படும் யோசனைகளில் நன்றாக வேலை செய்வது ஒன்று: சண்டை முற்றும் முன் இடைவேளை எடுப்பது. பலரும் முயன்று பார்த்துவிட்டு ‘எங்களுக்குச் சரிப்படவில்லை’ என்று கைவிடுவதும் இதைத்தான். பெரும்பாலும் காரணம் ஒன்றே. இடைவேளை எடுக்கிறார்கள், ஆனால் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லாமல் போகிறார்கள். நேரம் சொல்லாமல் எழுந்து போவது பழைய மௌனமேதான். அதனால் கீழே உள்ள படிகளின் வரிசை முக்கியம். நான்காவது படியை மட்டும் எடுத்துச் செய்தால் நிலைமை மோசமாகவும் கூடும்.

1. முதலில், இது உங்களுக்கான வழிதானா என்று பாருங்கள்

இருவரும் தனித்தனியே, தனக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: ‘கொஞ்ச நேரம் நிறுத்துவோம் என்று நான் சொன்னால், எனக்கு என்ன நடக்கும்?’

‘கோபப்படுவார், முணுமுணுப்பார்’ என்பது பதிலானால் மேலே படிக்கலாம். ‘கதவை மறித்து நிற்பார், போனைப் பிடுங்குவார், பொருளை எறிவார், அடிப்பார், குழந்தையைக் காட்டி மிரட்டுவார்’ என்பது பதிலானால் இந்த வழிகாட்டி பொருந்தாது. அங்கே இருப்பது பேசும் முறையில் உள்ள சிக்கல் அல்ல, ஆபத்து. அப்படிப்பட்ட வீட்டில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒப்பந்தம் போடுவதுகூட ஒருவரை மேலும் மாட்டவைக்கும். பாதிக்கப்படுபவர் தனியாக, தான் நம்பும் ஒருவரிடமோ ஆலோசகரிடமோ உதவி மையத்திடமோ பேசுவதுதான் முதல் படி.

மௌனத்துக்கும் இப்படி ஒரு எல்லை உண்டு. சண்டையின்போது சொல் வராமல் உறைந்துபோவது வேறு. நாலு நாள், ஒரு வாரம் என்று பேசாமல் இருந்து, மற்றவர் கெஞ்சினால்தான் வாய் திறப்பது வேறு. இரண்டாவது தண்டனை. அதை இடைவேளை என்ற பெயரில் தொடர இடம் கொடுக்கக் கூடாது.

2. இருவர் உடலிலும் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டால் மற்ற விதிகள் வெறும் சடங்காகத் தெரியும்.

ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1980கள் தொட்டு, தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் தங்கள் பிணக்கைப் பற்றிப் பேசவைத்து இதயத்துடிப்பை அளந்தார்கள். காட்மன் தரும் அடையாள எண் நிமிடத்துக்கு 100 துடிப்பு. உட்கார்ந்து பேசும்போதே துடிப்பு அதைத் தாண்டினால், எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

இதில் கத்துபவர் அறிய வேண்டியது: கல் மாதிரி உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே ஒன்றுமே இல்லை என்று நினைக்காதீர்கள். முகம் அசையாமல் இருக்கும்போதே இதயம் ஓடிக்கொண்டிருக்கும். அவர் வாயை மூடுவது பெரும்பாலும் அலட்சியத்தால் அல்ல. இன்னொரு சொல் சொன்னால் இன்னும் பெரிதாகுமே என்ற பயத்தால்.

மௌனமாகிறவர் அறிய வேண்டியது: அந்தக் கத்தலின் அடியில் பெரும்பாலும் இருப்பது ‘நான் சொல்வது இவருக்கு எட்டவே இல்லை’ என்ற பதற்றம். பதில் வராத ஒவ்வொரு நொடியும் அதைக் கூட்டுகிறது. நீங்கள் நெருப்பை அணைக்கிறோம் என்று நினைத்துச் செய்வது, அங்கே எண்ணெயாகப் போய்ச் சேர்கிறது.

‘என் குணமே இப்படித்தான்’ என்று இருவருமே சொல்வார்கள். முழு உண்மை அல்ல. ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் கிறிஸ்டோபர் ஹீவியும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், பேசப்படும் விஷயத்தில் மாற்றம் யாருக்கு வேண்டும் என்பதும் இந்தப் பாத்திரங்களைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார்கள். இப்போதைய நிலையே போதும் என்று இருப்பவருக்கு ஒதுங்குவது எளிது. மாற்றம் வேண்டுபவருக்குத்தான் துரத்த வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் வழக்கமாக மௌனமாகிறவர், தனக்கு முக்கியமான ஒரு விஷயத்தில் குரல் உயர்த்துகிறாரா என்று கவனியுங்கள். பல வீடுகளில் உயர்த்துவார்.

3. ஒப்பந்தத்தைச் சண்டை இல்லாத நாளில் போடுங்கள்

கடைசிச் சண்டை முடிந்து ஒரு நாளாவது ஆகியிருக்க வேண்டும். இருவரும் பசியில்லாமல், தூக்கம் வராமல் இருக்கும் 20 நிமிடம் போதும். சண்டையின் நடுவில் விதி பேசினால் அந்த விதியே அடுத்த சண்டையாகிவிடும்.

முதலில் அடையாளம். ஒரு சொல்லோ கைச்சைகையோ போதும். உள்ளங்கையைத் தரையைப் பார்த்து மெல்லத் தாழ்த்துவது பலருக்கு ஒத்துவருகிறது, ஏனென்றால் வாய் வராத நேரத்திலும் கை வரும். முகத்துக்கு நேரே உள்ளங்கையை நீட்டுவது வேண்டாம். ‘வாயை மூடு’ என்று படும்.

அடுத்து நேரம். குறைந்தது 20 நிமிடம். பெரும்பாலானவர்களுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் சரியாக இருக்கும். இரவு வெகுநேரமாகிவிட்டால் மறுநாள் ஒரு குறிப்பிட்ட மணிக்குத் தள்ளலாம், ஆனால் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காத்திருப்பவருக்கு அது கைவிடப்பட்டதாகவே தோன்றும்.

பிறகு, யார் எங்கே போவது. ஒரே அறை கொண்ட வீடென்றால் ஒருவர் வெளியே நடக்கப் போகலாம், அல்லது குளியலறை, மொட்டைமாடி என்று எதையாவது முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். எங்கே போனார் என்று தெரியாமல் தேட வைப்பது இடைவேளையைக் கெடுத்துவிடும்.

கடைசி விதிதான் எல்லாவற்றையும் தாங்குவது: இடைவேளை கேட்டவரே திரும்பி வந்து பேச்சைத் தொடங்க வேண்டும். மற்றவர் போய்க் கூப்பிட வேண்டியிருந்தால், மீண்டும் அவர் துரத்துபவராகவும் இவர் ஓடுபவராகவும் ஆகிவிடுகிறார்கள்.

இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். எழுதாத விதியைச் சூட்டில் ஒவ்வொருவரும் வேறு மாதிரி நினைவுகூர்வார்கள். இங்கே புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, ‘போன வாரம் நீ கத்தினபோது இது இருந்திருந்தா...’ என்று பழைய சண்டையை உதாரணமாக இழுப்பது. ஒப்பந்தம் அங்கேயே உடைந்துவிடும்.

4. உங்கள் எச்சரிக்கைக் குறியைக் கண்டுபிடித்து, சீக்கிரம் நிறுத்துங்கள்

இடைவேளை தோற்பதற்கு இரண்டாவது பெரிய காரணம், அதைத் தாமதமாகக் கேட்பது. உச்சத்துக்குப் போனபின் அடையாளத்தைக் காட்டினால் மற்றவர் அதைப் பார்க்கும் நிலையிலேயே இருக்க மாட்டார்.

கத்துபவருக்கான குறிகள்: ஒரே வாக்கியத்தை மூன்றாவது முறை சொல்வது, பேச்சில் ‘எப்பவுமே’, ‘ஒருநாளும்’ வந்து விழுவது, உட்கார்ந்திருந்தவர் எழுந்து நிற்பது. மௌனமாகிறவருக்கான குறிகள்: கேள்வி காதில் விழுந்தும் பதில் மனதில் உருவாகாதது, தாடை இறுகுவது, கை போனைத் தேடுவது, ஒப்புக்கொள்ளாமலே ‘சரி சரி’ என்று சொல்லிவிடுவது.

சந்தேகமாக இருந்தால் மணிக்கட்டில் நாடியைப் பிடித்து 15 விநாடி எண்ணுங்கள். 25 வந்தால் நிமிடத்துக்கு 100. சாதாரண நேரத்தில் உங்கள் எண் என்ன என்பதை முன்பே அளந்து வைத்துக்கொள்வது நல்லது. நன்றாக உடற்பயிற்சி செய்பவருக்கு 100 வரும் முன்பே நிதானம் போய்விடலாம். துடிப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் இந்த எண்ணை நம்பாமல் மேலே சொன்ன குறிகளையே பார்க்க வேண்டும்.

5. மூன்று பகுதி கொண்ட வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்

என் நிலை, திரும்பும் மணி, விஷயம் அப்படியே இருக்கிறது என்ற உறுதி. இந்த மூன்றும் வேண்டும்.

‘எனக்கு இப்ப யோசிக்க முடியல. எட்டரைக்கு இங்கேயே வந்து உட்கார்றேன். இந்த விஷயத்தைப் பேசாம விடப்போறதில்ல.’

முதல் பகுதி ‘எனக்கு’ என்று தொடங்க வேண்டும். ‘நீ முதல்ல அமைதியாகு’, ‘உன்கிட்ட பேச முடியாது’ என்பவை இடைவேளை கேட்பது போலத் தோன்றினாலும் குற்றச்சாட்டுகள். ‘அப்புறம் பேசலாம்’ என்பதில் மணி இல்லை. கத்துபவரின் காதில் அது ‘பேசப்போவதே இல்லை’ என்றுதான் விழும். மூன்றாவது பகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கத்துபவரைப் போகவிடச் செய்வது அதுதான்.

இனி கத்துபவரின் வேலை, இந்த வழிகாட்டியிலேயே கடினமான வேலை: விட்டுவிடுவது. ‘ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன்’ வேண்டாம். பின்னாலேயே போக வேண்டாம். கதவைத் தட்ட வேண்டாம். மெசேஜ் அனுப்ப வேண்டாம். இதில் எது நடந்தாலும் மற்றவரின் உடல் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும், 20 நிமிடம் வீணாகும். வாயில் நிற்கும் வாக்கியத்தைத் தாளில் எழுதிவையுங்கள், எட்டரைக்கும் அது உங்களிடமே இருக்கும்.

6. இடைவேளையில் சண்டையை மனதுக்குள் ஓட்டாதீர்கள்

20 நிமிடம் என்ற கணக்குக்குக் காரணம் உண்டு. கோபத்திலும் பயத்திலும் இரத்தத்தில் கலக்கும் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் அடங்க நேரமெடுக்கும். ஐந்து நிமிடத்தில் ‘நான் சரியாயிட்டேன்’ என்று தோன்றும், ஆனால் முதல் கேள்வியிலேயே பழைய சூடு ஏறிவிடும்.

ஆனால் நேரம் மட்டும் போதாது. ‘அவ அப்படிச் சொன்னாளே, நான் இப்படிக் கேட்டிருக்கணும்’ என்று உள்ளே வழக்காடிக்கொண்டிருந்தால் உடலுக்குச் சண்டை இன்னும் நடக்கிறது. காட்மனின் ஆய்வுக்கூடத்தில், வாக்குவாதத்தின் நடுவே கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி, அந்த விஷயத்தைப் பேசாமல் அரை மணி நேரம் பத்திரிகை படிக்கச் சொன்னார்கள். திரும்பியபோது துடிப்பு குறைந்திருந்தது, பேச்சும் இணக்கமாக இருந்தது. அங்கே உதவியது கவனம் வேறெங்கோ போனதுதான்.

ஆகவே கையும் கண்ணும் ஈடுபடும் வேலை எதுவானாலும் சரி. நடக்கலாம், குளிக்கலாம், துணி மடிக்கலாம். முதல் ஐந்து நிமிடம் மூச்சுக்குக் கொடுப்பது பயன் தரும்: மெதுவாக 4 எண்ணும்வரை உள்ளே, 6 எண்ணும்வரை வெளியே. வெளிமூச்சு நீள்வதுதான் துடிப்பைத் தணிக்கிறது.

தவிர்க்க வேண்டியவை: அம்மாவுக்கோ நண்பருக்கோ போன் செய்து உங்கள் பக்கத்துக்கு ஆள் சேர்ப்பது, மது, அந்தச் சூட்டிலேயே வண்டி ஓட்டுவது.

கடைசி ஐந்து நிமிடத்தில் இருவரும் ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதுங்கள். கத்துபவர்: ‘இதில் எனக்கு எது பயமாக இருக்கிறது?’ மௌனமாகிறவர்: ‘அவர் சொன்னதில் எந்தப் பகுதி சரி?’ இந்தக் கேள்விகளை மாற்றிக்கொள்ளக் கூடாது. கத்துபவருக்குத் தன் குற்றச்சாட்டு நன்றாகத் தெரியும், அதன் அடியில் உள்ள பயம்தான் தெரியாது. மௌனமாகிறவருக்குத் தன் பயம் நன்றாகத் தெரியும், எதிரில் உள்ள நியாயம்தான் மறைந்திருக்கும்.

மணி நெருங்கியும் உடல் அடங்கவில்லையென்றால் ஒருமுறை நீட்டிக்கலாம். ஆனால் சொன்ன மணிக்கு முன்பே வந்து சொல்ல வேண்டும்: ‘இன்னும் அரை மணி வேணும், ஒன்பதுக்கு வர்றேன்.’

7. திரும்பி வந்தபின் முதல் மூன்று நிமிடம்

1999இல் காட்மனும் சிபில் கரேரும் வெளியிட்ட ஆய்வில், 15 நிமிட உரையாடலின் முதல் மூன்று நிமிடத்தை வைத்தே, எந்தப் புதுத் தம்பதிகள் பின்னால் பிரிவார்கள் என்பதை ஓரளவு கணிக்க முடிந்தது. தொடக்கம் அவ்வளவு கனமானது. அதனால் இருவருக்கும் முதல் வாக்கியம் முன்பே தயாராக இருக்கட்டும்.

கத்துபவரின் தொடக்கம் ஒரு நிகழ்ச்சி, ஒரு உணர்வு, ஒரு வேண்டுகோள் என்று இருக்க வேண்டும். குணத்தைப் பற்றிய சொல் ஒன்றும் கூடாது. மௌனமாகிறவருக்கு ஒரே கட்டாயம்: ‘தெரியல’ என்பதோடு நிறுத்தக் கூடாது. முழுப் பதில் இல்லையென்றால் பாதிப் பதில் சொல்லலாம்: ‘யோசிச்சுக்கிட்டிருக்கேன், ரெண்டு நிமிஷம் குடு.’ குறைவாகப் பேசுவது தவறே இல்லை. எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லாமல் இருப்பதுதான் சிக்கல்.

நேருக்கு நேர் உட்காராமல் மேசையின் இரு பக்கங்களில் மூலையை ஒட்டி உட்காருங்கள். கண்ணை எடுக்க இடம் இருந்தால் மௌனமாகிறவருக்குப் பேச வருகிறது. அரை மணிக்குமேல் போக வேண்டாம். முடியாவிட்டால் மறுநாளுக்கு மணி குறித்துக்கொள்ளுங்கள்.

8. ஒரு சண்டை, தொடக்கம் முதல் முடிவு வரை

பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸை மாதக் கடைசிக்குள் கட்டுவதாகச் சொன்ன கணவர் மறந்துவிட்டார். அபராதத்தோடு செய்தி மனைவியின் போனுக்கு வருகிறது. இரவு 7:40.

‘கட்டிட்டேன்னு சொன்னீங்களே? எத்தனை தடவை ஞாபகப்படுத்தினேன்?’ அவர் போனைப் பார்க்கிறார். ‘உங்களுக்கு எதுவுமே முக்கியமில்ல. எப்பவுமே நான்தான் எல்லாத்தையும் பார்க்கணும்.’ அவர், ‘சரி, சரி’ என்கிறார்.

இங்கே இரண்டு குறிகள் வந்துவிட்டன: அவளிடம் ‘எப்பவுமே’, அவரிடம் ‘சரி சரி’. பழைய வழக்கப்படி அடுத்தது அவர் எழுந்து போவதும், அவள் பின்னால் போவதும். இன்று அவர் கையைத் தாழ்த்திச் சொல்கிறார்: ‘எனக்குத் தலை வேலை செய்யல. எட்டரைக்கு இங்க வர்றேன். ஃபீஸ் விஷயத்தைப் பேசித்தான் முடிக்கணும்.’ அவளுக்கு இன்னொரு வாக்கியம் வாயில் நிற்கிறது. எழுதிவைத்துக்கொள்கிறாள்.

இருவரும் தாளில் எழுதியவை: அவள், ‘நாளைக்கு நான் படுத்துட்டா இந்த வீட்டில ஒண்ணும் நடக்காதோன்னு பயம்.’ அவர், ‘மூணு தடவை ஞாபகப்படுத்தினது உண்மை. கட்டாமலே கட்டிட்டேன்னு சொன்னதும் உண்மை.’

8:30க்கு அவர் வருகிறார், முதலில் பேசுகிறார். ‘கட்டலைன்னு சொல்ல வாய் வரல. நீ கத்துவியேன்னு பொய் சொன்னேன். அது தப்பு.’ அவள்: ‘அபராதத்தைவிட அதுதான் வலிச்சுது. எனக்குப் பயமா இருக்குங்க, எல்லாம் என் தலையிலயே நிக்குது. ஃபீஸ் பொறுப்பை நீங்க முழுசா எடுத்துக்கிட்டா நான் ஞாபகப்படுத்த மாட்டேன்.’ அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை, இரண்டு நிமிடம் கேட்கிறார். பிறகு: ‘எடுத்துக்கறேன். 25ஆம் தேதிக்கு போன்ல அலாரம் வைக்கறேன். கட்டினதும் ரசீதை உனக்கு அனுப்பறேன்.’

இதில் கவனிக்க வேண்டியது, வெளியே வந்த பொய். அவர் மௌனம் பொய்யாக மாறியிருந்தது, அவள் கத்தல் அதற்குக் காரணமாகியிருந்தது. 7:40க்கு அந்த வாக்கியம் வந்திருக்காது. தேதியும் அலாரமும் ரசீதும் இல்லாமல் ‘இனிமே பார்த்துக்கறேன்’ என்று முடித்திருந்தால், அடுத்த மாதம் இதே இரவு திரும்பி வந்திருக்கும்.

9. எங்கே பிசகும், எப்படித் தெரியும்

நான்கு முதல் ஆறு வாரம் ஒரு சிறு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள்: யார் நிறுத்தினார், சொன்ன மணிக்குத் திரும்பினாரா, விஷயம் முடிந்ததா. மூன்றே பத்திகள் போதும்.

எப்போதும் ஒருவரே நிறுத்துகிறார் என்றால், கத்துபவர் தன் குறிகளை இன்னும் கவனிக்கவில்லை. ஒரு வாரம் நிறுத்தும் பொறுப்பை அவரிடமே விடுங்கள். தானே சொல்லி நிறுத்தினால், கைவிடப்பட்ட உணர்வு அவருக்கு வெகுவாகக் குறையும்.

திரும்பி வருகிறார்கள், ஆனால் ‘சாரி’ சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள் என்றால், மூன்றாவது பத்தி காலியாகவே இருக்கும். இது பார்க்க அமைதியாக இருப்பதால் பலரும் வெற்றி என்று நினைத்துவிடுகிறார்கள். பேசாமல் விட்ட விஷயம் அடுத்த சண்டையில் வட்டியோடு வரும்.

சொன்ன மணி இரண்டு முறை தவறினால் விதியை மாற்றாதீர்கள், நேரத்தைச் சுருக்குங்கள். ஒரு மணி என்று சொல்லி வராதவர், 25 நிமிடம் என்று சொல்லி வந்து பழகட்டும். நம்பிக்கை திரும்புவது வந்து உட்கார்ந்த எண்ணிக்கையால்தான்.

சத்தத்தைக் கேட்ட பிள்ளைகளுக்கும் ஒரு முடிவு தேவை. அவர்கள் தொடக்கத்தை மட்டும் கேட்டார்கள். ‘நாங்க சத்தம் போட்டோம், பிறகு உட்கார்ந்து பேசி முடிச்சோம், அது உன்னால இல்ல’ என்று இருவரும் சேர்ந்து சொன்னால் போதும். விவரம் வேண்டாம்.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் குறிப்பேட்டில் திரும்பி வந்த கணக்கு ஏறவில்லையென்றால், தம்பதிகளோடு பணியாற்றும் ஆலோசகரிடம் போங்கள். முதல் சந்திப்புக்கு முன்பே கேளுங்கள்: ‘இருவரையும் சேர்த்தும், ஒருமுறையாவது தனித்தனியாகவும் பார்ப்பீர்களா?’ மௌனமாகிறவர் சேர்ந்த அமர்வில் சொல்லாததைத் தனி அமர்வில் சொல்லக்கூடும், முதல் படியில் கேட்ட ஆபத்துக் கேள்விக்கும் உண்மையான பதில் அங்கேதான் வரும். அந்தக் குறிப்பேட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.